அசிட்டனிலைடு 108–112இல் உருகுகிறது: இன்னொரு முறை படிகமாக்க வேண்டுமா?

கூம்புக்குடுவை:
அனிலினிலிருந்து தயாரித்த அசிட்டனிலைடை நீரில் மறுபடிகமாக்கினேன். எடுத்துக்கொண்டது வெளிர் பழுப்பான, உலர்ந்த கச்சாப் பொருள் 5 கிராம். உருகுநிலை 103–110 டிகிரி. 80 மி.லி. நீரில் போட்டுக் கொதிக்க வைத்தபோது பெரும்பகுதி கரைந்தது. ஆனால் அடியில் பழுப்பு நிற எண்ணெய்த் துளிகள் உருண்டுகொண்டிருந்தன. கரையாத மாசு என்று எண்ணி, சூடாகவே வடிகட்டினேன். வடிதாளின் மடிப்பிலும் புனலின் தண்டிலும் படிகங்கள் அடைத்துக்கொண்டன. கீழே வந்த கரைசலை உடனே பனிக்கட்டி நீரில் வைத்தேன். பொடிப்பொடியாகப் படிகங்கள் விழுந்தன. உறிஞ்சு வடிகட்டியபின் கிடைத்தது 3.1 கிராம். அன்றே உருகுநிலை பார்த்தேன்: 108–112. நூல்களில் 114 என்றிருக்கிறது.

இன்னொரு முறை படிகமாக்க வேண்டுமா, அல்லது இந்த அளவு வித்தியாசம் ஏற்கத்தக்கதா?

நீலச்சுடர்:
எண்ணெய் மாசுதான், சந்தேகமே வேண்டாம். அசிட்டனிலைடு 114இல்தான் உருகும். நீர் 100இலேயே கொதித்துவிடும். கொதிநீருக்குள் அது எப்படி உருகி எண்ணெயாக நிற்கும்? அதை நீக்கியது சரியான செயல். உருகுநிலை 2 டிகிரி குறைந்திருக்கிறது, ஆகவே சுமார் 2 சதவீதம் மாசு மீதமிருக்கிறது. இன்னொரு முறை படிகமாக்கினால் போய்விடும்.

இரண்டாம்அறுவடை:
3.1 கிராம்தான் கிடைத்தது என்று வருந்த வேண்டாம். வடிநீரைப் பாதியாக வற்றவைத்துக் குளிரவிடுங்கள்; இன்னும் கொஞ்சம் படிகம் விழும். அதையும் முதலில் கிடைத்ததோடு சேர்த்து எடை போட்டால் விளைச்சல் நன்றாகவே காட்டும்.

கூம்புக்குடுவை:
நன்றி. ஆனால் நான் கேட்டது விளைச்சலைப் பற்றி அல்ல, தூய்மையைப் பற்றி.

தாய்க்கரைசல்:
முதலில் ஒன்று: இரண்டாவதாக விழும் படிகங்களை முதலாவதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். வடிநீரை வற்றவைக்கும்போது பொருள் மட்டுமல்ல, அதில் விட்டுவந்த மாசுகளும் செறிவடைகின்றன. தனியாக வைத்து, தனியாக உருகுநிலை பார்த்த பிறகு முடிவுசெய்வதுதான் முறை.

இப்போது எண்ணெய். நீலச்சுடர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, விடைதான் தலைகீழ். அந்த எண்ணெயில் பெரும்பகுதி அசிட்டனிலைடுதான். தூய, உலர்ந்த அசிட்டனிலைடு 114இல் உருகும் என்பது உண்மை. ஆனால் கொதிநீருக்குள் இருப்பது உலர்ந்த பொருள் அல்ல. அதற்குள் நீர் கரைகிறது. வேறொன்று கரைந்த திண்மம் தன் உருகுநிலைக்குக் கீழேயே உருகும். நீரோடு தொடர்பில் இருக்கும் அசிட்டனிலைடு சுமார் 83 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. அந்த வெப்பநிலைக்கு மேல், நீர் தாங்கக்கூடியதைவிட அதிகமான பொருளைப் போட்டிருந்தால் மிச்சம் தூளாக நிற்காது, எண்ணெயாக நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். 100 மி.லி. கொதிநீரில் ஏறத்தாழ 5.5 கிராம் கரையும். உங்கள் 80 மி.லி. நீருக்கு 4.4 கிராம்தான் எல்லை. நீங்கள் போட்டது 5. மீதி எண்ணெயானது. அதைத்தான் வடிதாளில் விட்டுவிட்டீர்கள்.

25 டிகிரியில் 100 மி.லி. நீரில் 0.54 கிராம் கரைந்து நிற்கும். அதன்படி 80 மி.லி. வடிநீரோடு போயிருக்கக்கூடியது 0.43 கிராம், பனிக்கட்டியில் வைத்ததால் அதைவிடக் குறைவே. நீங்கள் இழந்ததோ 1.9 கிராம். அதில் மாசு எவ்வளவு இருந்தாலும், பெரும்பகுதி வடிதாளிலும் புனல் தண்டிலும்தான் போயிருக்கிறது.

நீலச்சுடர்:
எண்ணெய் நிறமாக இருந்ததே? தூய அசிட்டனிலைடு வெள்ளையல்லவா?

தாய்க்கரைசல்:
அங்கே நீங்கள் பாதி சரி. அனிலின் காற்றுப்பட்டு உண்டாகும் பழுப்புப் பொருள்கள் நீரைவிட அந்த எண்ணெயில் நன்றாகக் கரையும். எனவே எண்ணெய்த் துளி சுற்றியுள்ள மாசையெல்லாம் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் எண்ணெயோடு குளிரவிடுவது ஆபத்து: துளி அப்படியே கட்டியாக உறைந்து, மாசையும் நீரையும் உள்ளே பூட்டிவிடும். படிகம் ஒவ்வொரு மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்து வளர்வதால்தான் தூய்மை வருகிறது. கட்டியாக உறைவதில் அந்தத் தேர்வு நடப்பதில்லை.

அதற்காக எண்ணெயை எடுத்துக் கொட்டுவதும் சரியல்ல. கொதித்துக்கொண்டிருக்கும்போதே சிறிது சிறிதாகச் சுடுநீர் சேர்த்துக் கலக்குங்கள். துளிகள் சுருங்கி மறையும். மேலும் நீர் சேர்த்தும் மறையாமல் அளவு மாறாது நிற்பது எதுவோ, அதுதான் கரையாத மாசு.

பழையதெர்மாமீட்டர்:
எண்ணெய்க் கதை சரி. ஆனால் 108–112 என்ற அளவீட்டை நம்பலாமா என்பதை ஒருவரும் கேட்கவில்லையே. கூம்புக்குடுவை, "அன்றே பார்த்தேன்" என்கிறீர்கள். படிகங்களை எப்படி உலர்த்தினீர்கள்? 108 என்று எதைப் பார்த்துக் குறித்தீர்கள்? எவ்வளவு வேகத்தில் சூடேற்றினீர்கள்? குழாயில் எவ்வளவு உயரத்துக்கு நிரப்பினீர்கள்?

கூம்புக்குடுவை:
உறிஞ்சு வடிகட்டியில் அரை மணி நேரம் காற்று இழுக்கவிட்டேன்; பிறகு வடிதாள்களுக்கு இடையில் அழுத்தினேன். தொட்டால் ஈரம் தெரியவில்லை. 108இல் தூள் குழாயின் சுவரைவிட்டு விலகிச் சுருங்கத் தொடங்கியது. 112இல் முழுவதும் தெளிந்தது. வேகம் நிமிடத்துக்கு ஐந்து, ஆறு டிகிரி இருக்கும். உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

பழையதெர்மாமீட்டர்:
அப்படியானால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இன்னும் படிகமாக்கக் கிளம்பாதீர்கள். இருக்கும் பொருளை ஒழுங்காக அளந்து பாருங்கள்.

சுருங்குவது உருகுவது அல்ல. குழாயில் முதல் திரவத் துளி கண்ணுக்குத் தெரியும் வெப்பநிலைதான் தொடக்கம். கடைசித் திண்மத் துணுக்கு மறைவது முடிவு. சுருங்குவதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ஈரத்தின் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் அதை வீச்சுக்குள் சேர்க்காதீர்கள்.

ஒரு சென்டிமீட்டர் மிக அதிகம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் போதும். நன்றாகப் பொடித்து, குழாயைத் தட்டித்தட்டி இறுக்க வேண்டும். உயரமாக நிரப்பினால் அடியும் நுனியும் வெவ்வேறு நேரத்தில் சூடாகும். வேகத்தில் சூடேற்றினால் தெர்மாமீட்டர் ஓரிடத்திலும் பொருள் ஓரிடத்திலும் இருக்கும். முதல் குழாயை வேகமாகச் சூடாக்கி உத்தேசமாக எங்கே உருகுகிறது என்று பாருங்கள். அடுத்து, புதுக் குழாயில் புதிய பொருளோடு, அதற்கு 15 டிகிரி கீழிருந்து நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரி வேகத்தில் ஏறுங்கள். உருகி உறைந்த குழாயை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

மாத்திரைமேசை:
மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது எப்போதும் பொருந்தாது. எனக்கு ஆஸ்பிரினில் இதே சிக்கல். எவ்வளவு மெதுவாக ஏற்றினேனோ அவ்வளவு மோசமாக வந்தது: 128–133. நூல் 135 பக்கம் சொல்கிறது. கொதிநீரில் கரைத்து மறுபடிகமாக்கியும் பார்த்தேன், இன்னும் குறைந்தது.

தாய்க்கரைசல்:
ஆஸ்பிரின் உருகும்போதே சிதைவடையத் தொடங்கும் பொருள். மெதுவாகச் சூடேற்றினால் உருகுவதற்கு முன்பே சிதைந்து, தன் மாசைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு வெந்நிலைத் தொட்டியை முதலிலேயே 120 வரை ஏற்றிவிட்டு, பிறகு குழாயை இறக்கி அளப்பார்கள். கொதிநீரோ அதை நீராற்பகுத்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆக்கும். தூய்மைப்படுத்தப் போய் மாசு சேர்த்திருக்கிறீர்கள். எத்தனாலில் மிதமான சூட்டில் கரைத்து நீர் சேர்த்துப் பாருங்கள். அசிட்டனிலைடுக்கு இந்தத் தொல்லை இல்லை; கொதிநீரில் சிறிது நேரம் தாங்கும்.

கூம்புக்குடுவைக்கு ஈரத்தைப் பற்றி ஒரு சொல். "தொட்டால் ஈரம் தெரியவில்லை" என்பது போதாது. உருகுநிலையைத் தாழ்த்துவது மாசின் எடை அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கை. அசிட்டனிலைடின் மூலக்கூறு எடை 135, நீருக்கு 18. எடையில் 1 சதவீதம் நீர் தங்கியிருந்தால், எண்ணிக்கையில் அது 7 சதவீதம். அசிட்டனிலைடில் நூற்றுக்கு ஒரு மூலக்கூறு அந்நியமாக இருந்தால் உருகுநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல் தாழும். ஆக அந்த 1 சதவீத நீர் முழுவதும் உள்ளேயே நின்றால் 4 டிகிரி போய்விடும். திறந்த குழாயில் ஒரு பகுதி ஆவியாகும் என்பதால் நடைமுறையில் குறைவாக இருக்கலாம். ஆனாலும் விரல் உணராத ஈரம் உங்கள் 108ஐ விளக்கப் போதும்.

நீலச்சுடர் சொன்ன "ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதம்" என்ற கணக்கும் இதனால்தான் தடுமாறுகிறது. எந்தப் பொருள், என்ன மாசு என்று தெரியாமல் டிகிரியைச் சதவீதமாக்க முடியாது.

நீலச்சுடர்:
ஏற்கிறேன். ஆனால் குழாய்க்குள் பொருள் ஏன் ஒரே வெப்பநிலையில் உருகாமல் நான்கு டிகிரி இழுத்துக்கொண்டு போகிறது? மாசு உருகுநிலையைத் தாழ்த்தட்டும், அகலமாக்குவது ஏன்?

தாய்க்கரைசல்:
முதலில் உருகும் சிறு துளியில்தான் மாசு முழுவதும் போய்ச் சேர்கிறது. அந்தத் துளி மாசு செறிந்தது. ஆகவே மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே திரவமாக நிற்க முடிகிறது. மேலும் திண்மம் உருகிச் சேரச்சேர, அதே மாசு பெரிய திரவத்தில் பரவி நீர்த்துப்போகிறது. நீர்த்த திரவத்தில் அடுத்த துணுக்கு உருக இன்னும் அதிக வெப்பநிலை தேவை. இப்படி ஏறிக்கொண்டே போய் கடைசித் துணுக்கு மறையும்போதுதான் ஒட்டுமொத்தக் கலவைக்குரிய வெப்பநிலை வருகிறது. அதனால் மேல் எல்லை மாசின் மொத்த அளவைக் காட்டும். கீழ் எல்லையோ முதல் துளி உங்கள் கண்ணுக்கு எப்போது தெரிந்தது என்பதையும் பொறுத்தது.

கொதிநீரின் அடியில் கிடந்த எண்ணெயும், குழாயில் தாழ்ந்து விரிந்த உருகுநிலையும் ஒரே காரணத்தால் வருபவை. அங்கே நீர் அதிகம், இங்கே கொஞ்சம்.

மெல்லியவடிதாள்:
கரையாத மாசுக்கு இது எதுவும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வடிதாள் நார், தூசி, கரித்தூள் ஆகியவை உருகிய திரவத்தில் கரையாதவை. எனவே உருகுநிலையை அசைப்பதில்லை. கரித்தூள் தப்பிவந்து சாம்பல் நிறமான படிகங்கள் மிகக் கூர்மையாக உருகுவதைப் பார்த்திருக்கிறேன். குறுகிய வீச்சு வந்தால் "கரையும் மாசு அதிகம் இல்லை" என்றுதான் பொருள்.

சொல்லப்போனால் அதுகூட எப்போதும் இல்லை. இரண்டு பொருள்கள் யூடெக்டிக் விகிதத்தில் கலந்திருந்தால் கலவையே தூய பொருள்போல் கூர்மையாக உருகும்.

கூம்புக்குடுவை:
அப்படியானால் 114இல் கூர்மையாக உருகினாலும் அது அசிட்டனிலைடுதான் என்று எப்படிச் சொல்வது?

பழையதெர்மாமீட்டர்:
கலப்பு உருகுநிலை பாருங்கள். தூய அசிட்டனிலைடு என்று உறுதியாகத் தெரிந்த பொருளோடு உங்களுடையதைச் சம அளவில் சேர்த்து அரைத்து, மூன்று குழாய்களை ஒரே நேரத்தில் ஏற்றுங்கள்: உங்களுடையது, தெரிந்தது, கலவை. மூன்றும் சேர்ந்து உருகினால் ஒரே பொருள். கலவை மட்டும் தாழ்ந்து விரிந்தால் வேறு வேறு. யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 பக்கத்தில் உருகும். இரண்டையும் கலந்தால் பல டிகிரி கீழே போய்விடும். இதனால் தெர்மாமீட்டரின் பிழையும் பிடிபடும். தெரிந்த பொருளே 112இல் கூர்மையாக உருகினால் குறை தெர்மாமீட்டரில். தெர்மாமீட்டர் பிழை வீச்சை நகர்த்தும், அகலமாக்காது.

கூம்புக்குடுவை:
சில நாள்கள் கழித்து எழுதுகிறேன். பழைய படிகங்களைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, கால்சியம் குளோரைடு வைத்த உலர்கலனில் எடை மாறாத வரை வைத்தேன். 3.1 கிராம் 2.9 ஆனது. ஆக ஈரம் உண்மைதான், நான் நினைத்ததைவிட அதிகமாகவே. மெதுவாக ஏற்றியபோது 110.5–113.

பிறகு 2.5 கிராமை மறுபடி படிகமாக்கினேன். 50 மி.லி. கொதிநீர் ஊற்றியதும் ஒரு சில எண்ணெய்த் துளிகள் நின்றன. நீர் சேர்த்துக்கொண்டே போனதும் மறைந்தன. பாதுகாப்புக்காக 60 மி.லி. வரை கொண்டுபோனேன். சற்று ஆறவிட்டு ஒரு சிட்டிகை கரி சேர்த்து மறுபடி சில நிமிடம் கொதிக்கவைத்தேன். குட்டைத் தண்டுப் புனலைக் கொதிநீர் ஆவியில் சூடாக்கி, மடித்த வடிதாள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மீதிக் கரைசல் அடுப்பிலேயே இருந்தது. இம்முறை தாளில் ஏறத்தாழ எதுவும் தங்கவில்லை. மூடிவைத்து அறை வெப்பநிலைக்குத் தானாகக் குளிரவிட்டு, பிறகே பனிக்கட்டியில் வைத்தேன். பளபளக்கும் தகடுகள். சில மி.லி. பனிநீரால் கழுவி உலர்த்தியபின் 2.0 கிராம். உருகுநிலை 113–114. ஆய்வகத்துப் புட்டியிலிருந்த பொருள் 113.5–114.5. கலவை 113–114.

தாய்க்கரைசல்:
முதல் அளவீட்டின்போது எடையில் ஆறு சதவீதத்துக்கு மேல் நீர் இருந்திருக்கிறது! அதில் பெரும்பகுதி குழாயிலேயே ஆவியாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 112ஐத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். உலர்த்திய பிறகும் 110.5–113 வந்ததுதான் உண்மையான மாசின் பங்கு. விளைச்சலும் கணக்கோடு ஒத்துப்போகிறது: 60 மி.லி. நீர் 0.3 கிராமை வைத்துக்கொள்ளும், மீதி 0.2 பாத்திரத்திலும் தாளிலும் கரியிலும். கரியும் கொஞ்சம் பொருளை விழுங்கும், அதனால்தான் சிட்டிகை என்ற அளவு.

புட்டிப் பொருளுக்கும் உங்களுடையதற்கும் அரை டிகிரி வித்தியாசம். இந்தக் கருவியில் அதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். மேலும் ஒரு முறை படிகமாக்கி உருகுநிலை நகராவிட்டால் நிறுத்திவிடலாம்.

மெல்லியவடிதாள்:
மெதுவாகக் குளிரவைத்ததுதான் வெற்றிக்குக் காரணம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். இங்கே எண்ணெய் நீங்கியதும் கரி சேர்த்ததும் உலர்த்தியதும் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. மிக மெதுவாக வளர்ந்த பெரிய படிகங்கள் தம்முள்ளே வடிநீரைச் சிறு குமிழிகளாக அடைத்துக்கொள்வதுண்டு. அதை எவ்வளவு கழுவினாலும் நீக்க முடியாது. நடுத்தரப் படிகம் போதும் என்பது என் கருத்து. வேண்டுமானால் அவ்வப்போது குடுவையை லேசாக ஆட்டலாம்.

தாய்க்கரைசல்:
ஆட்டுவதை நான் ஏற்கவில்லை. பொடியான படிகங்களின் பரப்பு பெரிது. அதில் ஒட்டும் வடிநீரும் அதிகம். பூட்டிய குமிழியைவிட அதுதான் இந்த அளவு வேலையில் அடிக்கடி தொல்லை தருகிறது.

மெல்லியவடிதாள்:
ஒட்டியதைக் கழுவலாம், பூட்டியதைக் கழுவ முடியாது. அதைத்தான் சொல்கிறேன்.

கூம்புக்குடுவை:
இன்னொரு ஐயம். புதிய படிகங்களிலும் மிக மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கிறது. புட்டியில் இருப்பது சுத்த வெள்ளை. உருகுநிலை சரியாக இருக்கும்போது நிறம் ஏன் போகவில்லை?

பழையதெர்மாமீட்டர்:
கடும் நிறமுள்ள பொருள் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாலும் கண் பிடித்துவிடும். அந்த அளவு உருகுநிலையை அரைக்கால் டிகிரிகூட அசைக்காது. இந்த இடத்தில் கண்தான் தெர்மாமீட்டரைவிட நுட்பமானது.

நீலச்சுடர்:
அப்படியானால் இன்னும் கரி சேர்த்து ஒரு முறை செய்யலாமே?

பழையதெர்மாமீட்டர்:
எதற்காகத் தேவை என்பதைப் பொறுத்தது. அடுத்த வினைக்கு மூலப்பொருளாகப் போகிறதென்றால் நான் அப்படியே விட்டுவிடுவேன். ஒப்பிடுவதற்கான மாதிரியாக வைக்கப்போகிறீர்கள் என்றால் செய்யுங்கள், 0.3 கிராம் இன்னும் போகும் என்று தெரிந்துகொண்டு. கரியைக் கொதிக்கும் கரைசலில் நேராகக் கொட்ட வேண்டாம். பொங்கி வெளியே வந்துவிடும்.

மாத்திரைமேசை:
ஆஸ்பிரினை 120 டிகிரியில் குழாயை இறக்கி அளந்தேன். 133–135. எத்தனாலில் இன்னும் செய்யவில்லை. எத்தனாலுக்கு நீர் எவ்வளவு விகிதத்தில் சேர்ப்பது?

தாய்க்கரைசல்:
விகிதம் பார்த்து ஊற்ற வேண்டாம். மிதமான சூட்டில் முடிந்தவரை குறைவான எத்தனாலில் கரைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலங்கல் தோன்றி, ஆட்டினாலும் மறையாத இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சொட்டு எத்தனால் விட்டுத் தெளியவைத்துக் குளிரவிடுங்கள். கலங்கல் துளித்துளியாகத் திரண்டு அடியில் உருண்டால், மேலே பேசிய எண்ணெய்தான் அது.